வீட்டை விற்ற பணத்தில் ஃபிளாட்: மூலதன ஆதாய வரிவிலக்கும் ஜூலை 31 என்ற தேதியும்

கேள்வி: தாம்பரத்தில் 2008 செப்டம்பரில் பதிவுச் செலவு உட்பட 24 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2025 ஜூன் 18 அன்று 95 லட்சத்துக்கு விற்றேன். தரகு 1 லட்சம் போனது. கட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஃபிளாட்டை 82 லட்சத்துக்கு என் பெயரிலும் மனைவி பெயரிலும் புக் செய்து, விற்பனைக்கு முன் 15 லட்சமும் பின்பு 10 லட்சமும் கொடுத்திருக்கிறேன். 2027 டிசம்பரில் சாவி தருவதாக பில்டர் சொல்கிறார். மீதிப் பணம் வங்கியில் எஃப்.டி.யாக இருக்கிறது. வேறு வீடு எனக்கு இல்லை. வரி வருமா? 95 லட்சத்தையும் புது வீட்டில் போட வேண்டுமா?

பதில்:

95 லட்சத்தையும் போட வேண்டியதில்லை. வரியே இல்லாமல் முடிக்கவும் உங்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் பணம் இப்போது இருக்கும் இடம் தவறான இடம். வரும் 2026 ஜூலை 31-க்குள் அதில் ஒரு பகுதியை எஃப்.டி.யிலிருந்து எடுத்து வேறொரு கணக்கில் போட வேண்டும். நீங்கள் கேட்காத இந்த விஷயம்தான் உங்கள் நிலையில் எல்லாவற்றையும்விட அவசரமானது என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

விற்ற விலை 95 லட்சத்தில் தரகு 1 லட்சத்தைக் கழித்தால் 94 லட்சம். அதில் வாங்கிய அடக்கம் 24 லட்சத்தைக் கழித்தால் உங்கள் நீண்டகால மூலதன ஆதாயம் 70 லட்சம். 2024 ஜூலை 23 முதல் நடந்த விற்பனைகளுக்கு, விலைவாசி ஏற்றத்துக்கேற்ப வாங்கிய அடக்கத்தை உயர்த்திக் கணக்கிடும் இண்டெக்சேஷன் இல்லாமல் 12.5 சதவீதம் என்பதுதான் வரி விகிதம். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே வாங்கிய வீடு, நிலம் ஆகியவற்றை விற்கும் இந்தியக் குடியிருப்பாளருக்குப் பழைய முறைப்படி கணக்கிட்டுப் பார்த்து, எது குறைவோ அந்த வரியைக் கட்டும் சலுகை தரப்பட்டிருக்கிறது. புதிய முறையில் உங்களுக்கு வரி 8.75 லட்சம். பழைய முறையில் 2008-09-க்கான குறியீடு 137, 2025-26-க்கானது 376. எனவே 24 லட்சம் ஏறத்தாழ 65.87 லட்சமாக உயர்ந்து, ஆதாயம் 28.13 லட்சமாகச் சுருங்கி, 20 சதவீத வரி சுமார் 5.63 லட்சமாகிறது. இரண்டிலும் 4 சதவீத செஸ் தனி. புது வீடு எதுவும் வாங்காமல் வரியைக் கட்டிவிட நினைத்திருந்தால் உங்களுக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு இதுதான்.

இங்கே பலர் ஒரு தவறு செய்வதைப் பார்த்திருக்கிறேன். இண்டெக்சேஷன் போட்டால் ஆதாயம் 28 லட்சம்தான் என்பதால், 28 லட்சத்தை மட்டும் புது வீட்டில் போட்டால் போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பழைய முறைக் கணக்கு என்பது கடைசியில் கட்ட வேண்டிய வரிக்கு ஓர் உச்சவரம்பு வைப்பதற்காகத் தரப்பட்ட ஒப்பீடு. சட்டம் மூலதன ஆதாயம் என்று கணக்கிடும் தொகை 70 லட்சம்தான். ஆகவே முழு விலக்கு வேண்டுமானால் 70 லட்சத்தை இலக்காக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. உங்கள் ஃபிளாட்டின் விலை 82 லட்சம் என்பதால் அதை எட்டுவதில் உங்களுக்குச் சிரமம் இல்லை.

விலக்கு தரும் பிரிவு வருமான வரிச் சட்டம் 1961-இன் 54. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் அதே விதி 82-ஆவது பிரிவாக இருக்கிறது. உங்கள் விற்பனை 2025-26 நிதியாண்டில் நடந்ததால் பழைய சட்டத்தின்படியே கணக்கு காட்ட வேண்டும். இந்தப் பிரிவு ஆதாயத்தின் அளவுக்கு முதலீடு செய்தால் போதும் என்கிறது. நிலம், நகை, பங்கு போன்றவற்றை விற்று வீடு வாங்குவோருக்கான 54எஃப் பிரிவுதான் விற்ற தொகை முழுவதையும் போடச் சொல்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் உங்களிடம் யாரோ 95 லட்சம் என்று சொல்லியிருக்கக்கூடும்.

இனி காலக்கெடு. விற்ற தேதிக்கு ஓராண்டு முன்போ இரண்டாண்டு பின்போ ஒரு வீட்டை வாங்க வேண்டும், அல்லது விற்ற தேதியிலிருந்து மூன்றாண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் விஷயத்தில் வாங்குவதற்கு 2027 ஜூன் 18 வரையும் கட்டுவதற்கு 2028 ஜூன் 18 வரையும் காலம் இருக்கிறது. பில்டர் சாவி தருவது 2027 டிசம்பர். அதாவது நீங்கள் செய்வது வாங்குதல் என்றால் கெடு தாண்டிவிட்டது, கட்டுதல் என்றால் ஆறு மாதம் மிச்சம் இருக்கிறது. ஒரே ஃபிளாட்டுக்கு இந்த ஒரு சொல் இவ்வளவு வித்தியாசம் செய்கிறது.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டைத் தவணை முறையில் பெறுவதைக் கட்டுதலாகவே கருதலாம் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் சுயநிதித் திட்டத்தில் ஒதுக்கப்படும் ஃபிளாட்டைக் கட்டுமானமாகக் கருதலாம் என்று நேரடி வரிகள் வாரியம் 1986-இல் 471-ஆம் சுற்றறிக்கையில் சொன்னது. 1993-இல் 672-ஆம் சுற்றறிக்கை அதையே கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அதேபோன்ற திட்டங்கள் உள்ள மற்ற அமைப்புகளுக்கும் விரித்தது. தனியார் பில்டரிடம் வாங்கும் ஃபிளாட்டுக்கும் இந்தச் சுற்றறிக்கைகளைக் காட்டி நிவாரணம் பெற்றவர்கள் உண்டு. நம் ஊரில் நீண்ட காலமாக இருக்கும் வழக்கம் இதற்கு இன்னும் துணை செய்கிறது. பிரிபடாத பாக நிலத்துக்கு, அதாவது யு.டி.எஸ்.ஸுக்கு, ஒரு கிரயப் பத்திரம், கட்டித் தருவதற்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம் என்று இரண்டு ஆவணங்கள் போடுவார்கள். உங்களிடம் கட்டுமான ஒப்பந்தம் இருந்தால், நான் நிலத்தில் பங்கு வாங்கி அதில் வீடு கட்டிக்கொள்கிறேன் என்ற உங்கள் வாதம் ஆவணத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பில்டர் இன்னும் புக்கிங் ரசீது மட்டும்தான் கொடுத்திருக்கிறார் என்றால், அடுத்த தவணையைக் கட்டுவதற்கு முன் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். முடிக்கும் தேதி அதில் தெளிவாக இருக்கட்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் அந்தத் திட்டத்துக்குப் பதிவாகியிருக்கும் முடிவுத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பில்டர் வாயால் சொல்லும் தேதியும் அங்கே எழுதிக் கொடுத்த தேதியும் வேறாக இருப்பது அபூர்வமல்ல.

பில்டர் தாமதித்து 2028 ஜூனையும் தாண்டிவிட்டால் எல்லாம் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். பணம் கெடுவுக்குள் கட்டுமானத்தில் போடப்பட்டிருந்தால், வீடு முழுமையாக முடியவில்லை என்பதற்காக மட்டும் விலக்கை மறுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008-இல் 54எஃப் பிரிவு பற்றிய வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பின் துணை உங்களுக்குக் கிடைக்க வேண்டுமானால், கட்டடம் நின்றாலும் உங்கள் பணம் கெடுவுக்குள் போயிருக்க வேண்டும்.

இப்போது ஜூலை 31-க்கு வருகிறேன். சட்டம் மூன்றாண்டு அவகாசம் தந்தாலும், அந்த மூன்றாண்டும் பணத்தை உங்கள் இஷ்டப்படி வைத்திருக்க விடுவதில்லை. 2025-26-க்கான வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள், தணிக்கை தேவைப்படாத உங்களைப் போன்றவருக்கு, 2026 ஜூலை 31. அன்றைக்குள் புது வீட்டுக்குச் செலவாகாமல் மிச்சமிருக்கும் ஆதாயத்தை 1988-ஆம் ஆண்டின் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தின்கீழ், வங்கியில் தனியாகத் திறக்கும் கேப்பிட்டல் கெயின்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட வேண்டும். சாதாரண எஃப்.டி. இதற்கு ஈடாகாது. அதே வங்கி, அதே கிளை, அதே வட்டி என்றாலும் ஈடாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் என்னிடம் வந்தார். வீட்டை விற்று, ஒரு ரூபாய்கூட வேறு செலவு செய்யாமல் முழுவதையும் எஃப்.டி.யில் வைத்திருந்து, அதிலிருந்தே பில்டருக்குத் தவணை கட்டி, மூன்றாண்டுக்குள் குடியும் போய்விட்டவர். அவருடைய கோப்பு அவ்வளவு ஒழுங்காக இருந்தது. ஒவ்வொரு ரசீதின் பின்புறமும் காசோலை எண்ணைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். ஆனாலும் கணக்கு தாக்கல் செய்த நாளில் செலவாகியிருந்த தொகைக்கு மட்டும் விலக்கு கொடுத்து, மீதிக்கு வரியும் வட்டியும் போட்டு உத்தரவு வந்துவிட்டது. மேல்முறையீட்டில் சரியானது. அதற்குள் இரண்டு ஆண்டுகள் போயின. அந்த வயதில் அவருக்கு அது தேவையே இல்லாத அலைச்சல். இத்தகைய நிலையில், பணம் மூன்றாண்டுக்குள் கட்டுமானத்தில் போயிருந்தால், தனிக் கணக்கில் போடாத குறைக்காக மட்டும் விலக்கை மறுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் சொன்னது உண்மைதான். ஆனால் பம்பாய் உயர் நீதிமன்றம் 2016-இல் இதற்கு மாறாக, விதியை எழுத்துப்படியே பின்பற்ற வேண்டும் என்றது. கைமீறிப் போனவர்களுக்குச் சென்னைத் தீர்ப்பு பற்றிக்கொள்ள ஒரு கயிறு. இன்னும் நாள் இருக்கும் நீங்கள் அதை நம்பி இருந்துவிடக் கூடாது.

உங்களுக்கு எவ்வளவு போட வேண்டும்? ஜூலைக்குள் இன்னொரு தவணை 10 லட்சம் கட்டுவீர்கள் என்று வைத்துக்கொண்டால், விற்பனைக்கு முன் 15, பின்பு 20, ஆக மொத்தம் 35 லட்சம் ஃபிளாட்டுக்குப் போயிருக்கும். 70-இல் மீதி 35 லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டால் கணக்கு நேராகிவிடும். விற்பதற்கு முன் கட்டுமானத்துக்குக் கொடுத்த பணமும் புது வீட்டின் அடக்கத்தில் சேரும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருப்பதால் இந்த 35 சரியான தொகைதான். இருந்தாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் 50 லட்சம் போடுவேன். அப்போது விற்பனைக்குப் பிந்தைய 20-உம் இந்த 50-உம் சேர்ந்து தனியாகவே 70 ஆகிவிடுகிறது. முன்பு கொடுத்த 15 லட்சத்தைப் பற்றி யாரும் கேள்வி எழுப்ப இடமே இருக்காது. ஃபிளாட்டுக்கு நீங்கள் இன்னும் கட்ட வேண்டியது 47 லட்சம். முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் புது வீட்டின் அடக்கத்தில் சேரும். அவை 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 52 லட்சம் ஆவதால், போட்ட 50-உம் மிச்சமில்லாமல் வீட்டுக்கே போய்விடும். சோபா, கட்டில், குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கணக்கு திறப்பது எளிய வேலைதான், ஆனால் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். பொதுத்துறை வங்கிகளின் கிராமப்புறம் அல்லாத கிளைகளில் திறக்கலாம். 2025 நவம்பரில் தனியார் வங்கிகள் பலவும் இதில் சேர்க்கப்பட்டன. ஆனால் கிளையில் உட்கார்ந்திருப்பவர் இந்தக் கணக்கை ஒருமுறைகூடத் திறந்திராதவராக இருக்கலாம். ஜூலை 29 அன்று கவுண்டரில் போய் நின்று, சேமிப்புக் கணக்குக்கான படிவத்தை நீட்டுகிறவரிடம் இது அதுவல்ல என்று விளக்கிக்கொண்டிருக்கும் நிலை வேண்டாம். படிவம் ஏ-யைக் கேட்டு வாங்குங்கள். கணக்கில் இரண்டு வகை உண்டு. ஏ வகை சேமிப்புக் கணக்கு போன்றது, பி வகை குறித்த கால வைப்பு போன்றது. பில்டரின் தவணை அட்டவணையைப் பார்த்து, ஓராண்டுக்குள் தேவைப்படுவதை ஏ வகையிலும் மீதியை பி வகையிலும் வைப்பது நல்லது. திறந்து முடித்ததும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இல்லையென்றால் உங்களுக்குக் கிடைத்திருப்பது சாதாரணக் கணக்கு. இந்தக் கணக்கில் வரும் வட்டிக்கு ஆண்டுதோறும் வரி உண்டு.

பணம் எடுப்பதற்கும் முறை இருக்கிறது. முதல் முறை படிவம் சி. அடுத்த ஒவ்வொரு முறையும் படிவம் டி, அதில் முன்பு எடுத்ததை எதற்குச் செலவிட்டீர்கள் என்று சொல்ல வேண்டும். எடுத்த தொகையை 60 நாளுக்குள் வீட்டுக்குச் செலவிட வேண்டும், மிஞ்சியதைத் திரும்பப் போட வேண்டும். ஆகவே பில்டரின் கோரிக்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகு எடுங்கள். கடைசியில் கணக்கை மூடப் படிவம் ஜி. அதற்கு உங்கள் வட்டார வருமான வரி அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அதனால்தான் ரசீதுகளை வரிசையாக வைத்திருக்கச் சொல்கிறேன்.

வங்கிக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். கடன் பணத்தில் வீடு வாங்கினாலும் விலக்கு உண்டு, விற்ற அதே பணம்தான் போக வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை என்பது பல தீர்ப்புகளில் நிலைபெற்ற கருத்து. இதை நம்பிச் சிலர் தனிக் கணக்கில் பணத்தையும் போட்டுவிட்டு, பில்டருக்கான தவணைகளை வீட்டுக் கடனிலிருந்து கட்டிவிடுகிறார்கள். அப்போது வீடு முடிந்திருக்கும், தனிக் கணக்கில் பணமும் அப்படியே இருக்கும். மூன்றாண்டு முடியும்போது தனிக் கணக்கில் செலவாகாமல் கிடக்கும் தொகை, அந்த ஆண்டின் மூலதன ஆதாயமாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளாகும். உங்களுக்கு அது 2028-29. எனவே தனிக் கணக்கில் போட்ட பணத்தை முதலில் தீர்த்துவிட்டு, குறைவதற்கு மட்டும் கடன் வாங்குங்கள்.

மனைவி பெயரைச் சேர்த்திருப்பதால் பாதகம் இல்லை. முழுப் பணமும் உங்களுடையது என்பது வங்கிக் கணக்கில் தெரிந்தால் போதும். மனைவி பெயரிலேயே வாங்கிய வீட்டுக்குக்கூடச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் 54-ஆம் பிரிவின்கீழ் விலக்கு தந்திருக்கிறது. உங்கள் பெயரும் பத்திரத்தில் இருப்பதால் அதுவரை போக வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை.

உங்கள் கேள்வியில் இல்லாத ஓர் எண்ணை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விற்ற நாளில் அந்த வீட்டுக்கு அரசின் வழிகாட்டி மதிப்புப்படி முத்திரைத்தாள் கட்டணத்துக்காகக் கணக்கிடப்பட்ட மதிப்பு எவ்வளவு? அது விற்ற விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், அந்த மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது 50சி பிரிவு. உங்களுக்கு எல்லை 104.5 லட்சம். பத்திரத்தில் மதிப்பு 106 லட்சம் என்று இருந்தால், நீங்கள் கையில் வாங்காத 11 லட்சமும் சேர்ந்து ஆதாயம் 81 லட்சமாகிவிடும். அப்போது மேலே சொன்ன 70 என்ற இலக்கும் 81 ஆக மாறும், தனிக் கணக்கில் போட வேண்டியதும் அதற்கேற்பக் கூடும். 15 லட்சத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 46 லட்சம் போட வேண்டியிருக்கும். கிரயப் பத்திர நகலை எடுத்து இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

விலக்கு முழுவதும் கிடைத்து வரி பூஜ்யமானாலும் கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும். விற்ற விலை 50 லட்சத்துக்குக் குறையாததால் வாங்கியவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருக்க வேண்டும். உங்களுக்கு அது 95,000 ரூபாய். உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் அது தெரியும், அதாவது விற்பனை துறைக்கு ஏற்கெனவே தெரியும். ஐ.டி.ஆர்.-2 படிவத்தில் மூலதன ஆதாய அட்டவணையில் விற்பனையையும், 54-ஆம் பிரிவு விலக்கையும், தனிக் கணக்கில் போட்ட தொகை, தேதி, கணக்கு எண், வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. ஆகியவற்றையும் நிரப்ப வேண்டும். பிடித்த டி.டி.எஸ். உங்கள் மற்ற வரியில் கழிக்கப்பட்டு, மிஞ்சியது திரும்பக் கிடைக்கும். பணத்தைப் போடும் நாள், கணக்கு தாக்கல் செய்யும் நாளுக்கு முன்பாக இருக்கட்டும். தாக்கல் செய்துவிட்டு மறுநாள் வங்கிக்குப் போகும் வரிசை ஆபத்து.

சாவி கிடைத்த பிறகும் மூன்றாண்டுக்கு அந்த ஃபிளாட்டை விற்காதீர்கள். விற்றால், இன்று விலக்குப் பெற்ற 70 லட்சம் ஃபிளாட்டின் அடக்கத்திலிருந்து கழிக்கப்படும். 82 லட்சம் கொடுத்து வாங்கிய வீட்டின் அடக்கம் 12 லட்சமாகி, 2029-இல் 90 லட்சத்துக்கு விற்றால் 78 லட்சம் ஆதாயம் என்று கணக்கு வரும். அந்த விற்பனை இரண்டாண்டுக்குள் நடந்திருந்தால் அது குறுகியகால ஆதாயமாகி, உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து 30 சதவீத அடுக்கு வரை போகும். வாடகைக்கு விடுவதில் தடை எதுவும் இல்லை.